எட்டு லட்சம் நஷ்டத்துக்கு ஐந்து லட்சம்தானா?

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மாடிக் கிடங்கில் மின்கசிவால் தீப்பிடிக்கிறது. பத்து லட்சம் ரூபாய்ச் சரக்கு எரிந்தும் நனைந்தும் பாழாகிறது. சரக்குக்கு 25 லட்சத்துக்குத் தீ விபத்து பாலிசி இருக்கிறது. நனைந்த துணியைக் கழிவு விலைக்குத் தள்ளினால் இரண்டு லட்சம் தேறும். மீதி எட்டு லட்சமும் வந்துவிடும் என்றே முதலாளி கணக்குப் போடுகிறார். 25 லட்சத்துக்கு எட்டு லட்சம் எம்மாத்திரம்?

சர்வேயரின் அறிக்கையில் இருப்பதோ ஐந்து லட்சம். அதிலும் பாலிசிதாரர் தன் பங்காக ஏற்க வேண்டிய சிறு தொகை கழியும்.

மூன்று லட்சத்தை விழுங்கியது ‘ஆவரேஜ் கிளாஸ்’ என்னும் சராசரி விதி. விபத்து நேர்ந்த அன்று கடையில் மொத்தம் எவ்வளவு சரக்கு இருந்தது என்பதுதான் அதன் முதல் கேள்வி. எரிந்தது எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான். அன்றைய இருப்பு 40 லட்சம் என்றால், 25 லட்சத்துக்கு மட்டுமே நிறுவனம் பொறுப்பு. மீதி 15 லட்சத்துக்குக் கடைக்காரரே தனக்குத்தானே காப்பீடு செய்துகொண்டவர் ஆகிறார். எந்த நஷ்டம் வந்தாலும் அதே விகிதத்தில் இருவரும் பங்கிட வேண்டும். எட்டு லட்சத்தை 25 ஆல் பெருக்கி 40 ஆல் வகுத்தால் ஐந்து லட்சம்.

இதில் நிறுவனத்தின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. பெரும்பாலான விபத்துகளில் கடை முழுதும் அழிவதில்லை. ஒரு பகுதிதான் போகிறது. 40 லட்சச் சரக்கு வைத்திருப்பவர் 25 லட்சத்துக்கு மட்டும் பிரீமியம் கட்டிவிட்டு, பகுதி நஷ்டம் முழுவதையும் வாங்கிக்கொண்டால், சரியான மதிப்புக்குக் கட்டியவர் ஏமாளி ஆகிவிடுவார்.

40 லட்சம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? சர்வேயர் எரிந்த துணியை மட்டும் எண்ணுவதில்லை, புத்தகத்தைப் புரட்டுகிறார். மார்ச் 31 அன்று ஆடிட்டர் கணக்கில் இருந்த இருப்பு 18 லட்சம். அதன்பின் ஜிஎஸ்டி கணக்குப்படி கொள்முதல் 70 லட்சம். விற்றது 60 லட்சம். அதில் லாபம் 20 சதவீதம் போக, விற்ற சரக்கின் அடக்கவிலை 48 லட்சம். 18-உம் 70-உம் கூட்டி 48-ஐக் கழித்தால் 40. வங்கியில் கேஷ் கிரெடிட் கடன் இருந்தால், மாதாமாதம் அங்கே கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டையும் கேட்டு வாங்குவார். கூடுதல் கடனுக்காக அதில் இருப்பை ஊதிக் காட்டியவர்களுக்கு இங்கேதான் சிக்கல். அந்தக் கணக்கே அவர்களுக்கு எதிராகத் திரும்பும்.

குறைவாகக் காப்பீடு செய்ததற்குக் கஞ்சத்தனம் மட்டும் காரணமல்ல. பல கடைகளில் கடன் கொடுத்த வங்கியே, கடன் தொகை அளவுக்குப் பாலிசி எடுத்துவிடுகிறது. ஆண்டுதோறும் அதே தொகைக்குப் புதுப்பிப்பதும் வழக்கம். பாலிசி எடுத்த ஆனி மாத இருப்புக்குப் போதுமான தொகை, தீபாவளிச் சரக்கு இறங்கியதும் போதாமல் போகிறது. கட்டடத்துக்குக் கூடுதலாகக் காப்பீடு இருந்தாலும் அது சரக்கின் குறையை ஈடுகட்டாது. ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனிக் கணக்கு.

2021 ஏப்ரல் முதல் சிறு கடைகளுக்கு ஓரளவு நிம்மதி. ஓரிடத்தில் ஐந்து கோடி ரூபாய் வரையான சொத்துகளுக்கான ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசியில், 15 சதவீதம் வரையான குறைவு பொருட்படுத்தப்படுவதில்லை. நம் ஈரோட்டுக் கடையில் குறைவு 37.5 சதவீதம் என்பதால் இந்தச் சலுகை கைகொடுக்காது. பண்டிகைச் சரக்கு இறங்கும் முன்பே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து, மீதி மாதங்களுக்கான கூடுதல் பிரீமியத்தைக் கட்டி, ‘எண்டார்ஸ்மென்ட்’ மூலம் தொகையை உயர்த்தியிருக்கலாம். இருப்பு ஏறி இறங்கும் பெரிய வியாபாரிகளுக்கு, மாதந்தோறும் இருப்பைத் தெரிவிக்கும் ‘டிக்ளரேஷன் பாலிசி’ உண்டு.

விபத்துக்குப் பிறகும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சர்வேயரின் 40 லட்சத்தை அப்படியே ஒப்புக்கொள்ளாமல், அதில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். வேறு முகவரியில் உள்ள கிடங்குக்குப் போன சரக்கு, புத்தகத்தில் பழைய விலையிலேயே நிற்கும் விலைபோகாத சரக்கு ஆகியவை கலந்திருக்கலாம். நான்கு லட்சம் சரக்கு மற்றொரு கிடங்கில் இருந்ததை டெலிவரி சலானோடு காட்டினால், வகுக்கும் எண் 36 ஆகிறது. இழப்பீடு ஐந்து லட்சத்திலிருந்து சுமார் 5.55 லட்சமாக உயர்கிறது. ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்தும் நிறுவனம் ஏற்காவிட்டால், தனிநபர் உரிமையாளரும் குறுந்தொழில் நடத்துபவரும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.