மலத்தில் தெரியும் வெள்ளையணுக்கள்

மூன்று மாதமாகப் பேதி. காலையில் வேலைக்குக் கிளம்புவதற்குள் நான்கு முறை போக வேண்டியிருக்கிறது. அடிவயிற்றில் முறுக்கி வலிக்கிறது, போய்விட்டு வந்தால் தணிகிறது. இப்படி வரும் ஒருவருக்கு ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் கோளாறு இருக்கலாம். அதில் குடலின் அசைவும் நரம்புகளின் உணர்வும் மாறியிருக்கும், ஆனால் குடல் சுவரில் புண் இருக்காது. ஐ.பி.டி. எனப்படும் குடல் அழற்சி நோயாகவும் இருக்கலாம். கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைடிஸ் இரண்டும் இதில் அடங்கும். இதில் சுவர் புண்ணாகிறது. கவனிக்காமல் விட்டால், கிரோன் நோயில் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளவும் கூடும். ஆரம்பத்தில் ஐ.பி.எஸ்., ஐ.பி.டி. இரண்டும் வெளியே ஒன்றுபோலவே தெரியும்.

கொலனோஸ்கோபி செய்தால் தெரிந்துவிடும். ஆனால் பேதி என்று வரும் பெரும்பாலோருக்கு இருப்பது ஐ.பி.எஸ்.தான். அத்தனை பேரையும் பட்டினி போட்டு, மருந்து கொடுத்துக் குடலைக் கழுவி, குழாயை உள்ளே செலுத்துவது நியாயமில்லை. யாருக்குக் குழாய் தேவை என்பதை முன்கூட்டியே சொல்ல உதவுகிறது, மலத்தில் இருக்கும் ஒரு புரதம். அதன் பெயர் கால்புரோடெக்டின்.

ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களில் நியூட்ரோபில்கள்தான் அதிகம். கிருமி நுழைந்தாலும் திசு காயப்பட்டாலும் முதலில் ஓடிவருபவை அவை. ஒரு நியூட்ரோபிலின் உள்நீரில் கரைந்திருக்கும் புரதத்தில் ஏறக்குறைய பாதி கால்புரோடெக்டின். கிருமிகள் வளரத் துத்தநாகமும் மாங்கனீசும் வேண்டும். இந்தப் புரதம் அந்த உலோகங்களைப் பற்றிக்கொண்டு கிருமிக்குக் கிடைக்காமல் செய்துவிடுகிறது. 1980இல் நார்வேயின் ஆஸ்லோவில் மாக்னே ஃபாகெர்ஹோல் குழுவினர் இதை வெள்ளையணுக்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மலத்தில் அதை அளக்கும் முறை 1992இல் வந்தது.

குடல் சுவரில் அழற்சி இருக்கும்போது நியூட்ரோபில்கள் ரத்தக்குழாயிலிருந்து வெளியேறி, சுவரைத் துளைத்து, குடலின் உட்புறத்துக்கே வந்து விழுந்து சாகின்றன. உள்ளிருந்த புரதம் மலத்தில் கலக்கிறது. குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் புரதங்களைச் சிதைத்துத் தின்றுகொண்டிருக்க, கால்சியத்தோடு பிணைந்த இந்தப் புரதம் மட்டும் எளிதில் சிதையாமல் நிற்கிறது. சாதாரண வெப்பத்தில்கூட இரண்டு மூன்று நாள் தாங்கும். அதனால்தான் வீட்டில் ஒரு டப்பாவில் எடுத்து லேபுக்குக் கொடுத்தனுப்ப முடிகிறது. காலையில் போகும் முதல் மலமே நல்லது. இரவு முழுக்கக் குடலில் தங்கியிருப்பதால் அதில் புரதம் சேர்ந்திருக்கும். தண்ணீராகப் போவதில் அது நீர்த்துவிடும்.

சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை போதாதா என்று கேட்கலாம். சி.ஆர்.பி.யைச் சுரப்பது கல்லீரல். உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் அது ஏறும், சளிக் காய்ச்சலுக்கும் ஏறும். மாறாக, பெருங்குடலின் உட்படலத்தில் மட்டும் புண் இருக்கும் அல்சரேட்டிவ் கொலைடிஸில் அது பல நேரம் ஏறுவதே இல்லை. கால்புரோடெக்டின் புண்ணிருக்கும் இடத்திலிருந்தே நேராக வருகிறது.

அளவு ஒரு கிராம் மலத்துக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அழற்சி நோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. 250க்கு மேலே போனால் குடலில் ஏதோ ஓர் அழற்சி நடக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சிக்கல் இடைப்பட்ட எண்களில்தான்.

28 வயதுப் பெண் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் சொன்ன அதே தொல்லை. மலத்தில் ரத்தம் இல்லை, எடை குறையவில்லை, இரவில் பேதி அவரை எழுப்புவதில்லை. ஹீமோகுளோபின் 12.4, சி.ஆர்.பி. சரியான அளவு. தைராய்டு சரி. கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. மலத்தில் அமீபாவோ ஜியார்டியாவோ இல்லை. கால்புரோடெக்டின் மட்டும் 168.

இங்கே பயந்துபோய் உடனே கொலனோஸ்கோபிக்கு எழுதத் தேவையில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் காரணம் புரியும். இவரைப்போல் அபாய அறிகுறி எதுவும் இல்லாத 100 பேரில் 5 பேருக்கு உண்மையில் அழற்சி நோய் இருப்பதாகக் கொள்வோம். பரிசோதனை அந்த 5 பேரையும் பிடித்துவிடுகிறது. நோயில்லாத 95 பேரில் ஐந்தில் ஒருவருக்குத் தவறாக 50ஐத் தாண்டிக் காட்டுகிறது என்றால், அது 19 பேர். ஆக எண் ஏறிய 24 பேரில் 5 பேருக்குத்தான் நோய். அதே கணக்கின் மறுபக்கம்தான் இந்தப் பரிசோதனையின் பலம்: எண் ஏறாத 76 பேரில் ஒருவருக்கும் நோயில்லை. நடைமுறையில் இவ்வளவு கச்சிதமாக இருக்காது, ஆனாலும் நோய் இருக்கிறது என்பதைவிட இல்லை என்று சொல்வதில்தான் இது கெட்டி.

டாக்டர் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?” பெரும்பாலும் “இல்லைங்க டாக்டர்” என்றே பதில் வரும். முதுகு வலிக்கு மெடிக்கலில் தானே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக்கை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. “வலி மாத்திரை?” என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் வெளியே வரும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை குடலின் உட்படலத்தைச் சிராய்த்து நியூட்ரோபில்களை வரவழைக்கின்றன. அசிடிட்டிக்குப் போடும் பான்டொப்ரசோல் வகை மாத்திரைகளும் எண்ணை ஏற்றலாம். அண்மையில் வந்துபோன வயிற்றுக்கிருமியும் ஏற்றும். அப்படிப் போட்டுவந்த வலி மாத்திரையை இந்தப் பெண் நிறுத்தி, மூன்று வாரம் கழித்து அதே லேபில் மறுபடி கொடுக்கிறார். அதே லேப் என்பது முக்கியம், வெவ்வேறு கிட்கள் ஒரே மலத்துக்கு வெவ்வேறு எண் தரும். இப்போது 41. ஐ.பி.எஸ். என்று தைரியமாகச் சொல்லி, குழாய் போடாமலே சிகிச்சையைத் தொடங்கலாம். இரண்டாவது எண் 168க்குக் கீழே இறங்காமல் 300க்கு ஏறியிருந்தால் கொலனோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது.

குறைந்த எண்ணும் சில நேரம் ஏமாற்றும். சிறுகுடலில் மட்டும் ஒதுங்கியிருக்கும் கிரோன் நோயில் அது அதிகம் ஏறாமல் இருக்கக்கூடும். 60 வயதுப் பெண்மணிக்கு இரவிலும் தண்ணீராகப் போகிறது என்றால், எண் சரியாக இருந்தாலும் மைக்ரோஸ்கோப்பிக் கொலைடிஸை நினைக்க வேண்டும். அதில் கொலனோஸ்கோபியிலும் குடல் வழவழப்பாக, நன்றாகவே தெரியும். சதைத்துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிடிபடும். அதனால் பேதிக்காகக் குழாய் போடும்போது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் பயாப்ஸி எடுக்கச் சொல்வார்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, ரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் கால்புரோடெக்டின் எண்ணை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. குடல் புற்றுநோயிலும் எண் ஏறலாம், ஏறாமலும் போகலாம்.

நம் நாட்டில் உயர்ந்த எண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் தங்கும் குடல் காசநோய் கிரோன் நோயைப் போலவே புண்ணும் சுருக்கமும் உண்டாக்கும், கால்புரோடெக்டினையும் அதே அளவுக்கு ஏற்றும். எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. கிரோன் நோய் என்று நினைத்து ஸ்டீராய்டோ எதிர்ப்பாற்றலை அடக்கும் ஊசியோ கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் காசநோய் உடம்பெங்கும் பரவிவிடக்கூடும். அதனால் பயாப்ஸித் துணுக்கை நுண்ணோக்கிக்கு மட்டுமின்றி, காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கவும் அதன் மரபணுவைத் தேடும் பரிசோதனைக்கும் அனுப்புகிறார்கள். அவற்றிலும் தெளிவில்லாதபோது காசநோய் மருந்தை முதலில் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி குழாய் போட்டு, புண் ஆறுகிறதா என்று பார்ப்பது இங்கே வழக்கமாக இருக்கிறது.