பிழையின் தடம் – 14: ஒரு மின்மாற்றி, ஐம்பது புகார்

போன வாரம் ஸ்டாக் டிரேஸை அடியிலிருந்து மேலே படிக்கப் பழகினோம். அது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் எந்தப் பிழையை முதலில் திருத்துவது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் பிழைகளை எண்ணத் தெரிய வேண்டும். எண்ணுவதே இந்த வாரத்தை எடுத்துக்கொண்டது.

திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இரவெல்லாம் நிரம்பி வழியும். தங்கும் விடுதிகளுக்கு அறை முன்பதிவு மென்பொருள் எழுதித் தரும் நண்பர் ஒருவர் இங்கே இருக்கிறார். மூன்று பேர் கொண்ட குழு. பிழை வந்தால் அதுவே பணிப் பலகையில் ஒரு கார்டைத் திறக்கும்படி அமைத்திருந்தார்கள். ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை பலகையில் 412 கார்டுகள். எல்லாம் புதியவை, எல்லாம் அவசரம் என்று சிவப்பில். மூவரும் ஆளுக்கொன்றாக எடுத்துத் திருத்தத் தொடங்கினார்கள். மதியம்தான் தெரிந்தது, மூவரும் ஒரே பிழையைத்தான் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

கார்டின் தலைப்பு ஒன்றாக இருந்தால் புதிதாகத் திறக்காதே என்ற விதி அங்கே இருக்கத்தான் செய்தது. ஆனால் தலைப்புகள் `Notice 20417: booking not found`, `Notice 20418: booking not found` என்று இருந்தன. எண் மாறியதும் தலைப்பு மாறியது. தலைப்பு மாறியதும் இயந்திரத்துக்கு அது வேறு பிழை.

உள்ளே நடந்தது இதுதான். கூட்டம் ஏறியபோது முன்பதிவைத் தரவுத்தளத்தில் எழுதும் வரிசை தேங்கி, அரை மணி நேரம் வரை பின்தங்கியது. பணம் செலுத்தும் சேவையோ உடனே ‘பணம் வந்துவிட்டது’ என்று தகவல் அனுப்பியது. முன்பதிவு இன்னும் எழுதப்படவில்லை என்பதால் ‘கிடைக்கவில்லை’ என்ற பிழை. சரியான பதில் வராததால் அந்தச் சேவை அதே தகவலை ஒவ்வொரு முறையும் புது எண்ணிட்டுத் திரும்பத் திரும்ப அனுப்பியது. ஒரு முன்பதிவுக்கு ஐந்து, ஆறு, ஏழு முறை. 58 முன்பதிவுகளால் 371 கார்டுகள்.

இதற்கு மருந்து, பிழைச் செய்தியை விட்டுவிட்டுப் பிழை பிறந்த இடத்தை அடையாளமாகக் கொள்வது. பிழையின் வகை, அது எழுந்த நம்முடைய செயற்கூறின் பெயர், அதை அழைத்த இரண்டு மூன்று செயற்கூறுகளின் பெயர், இவற்றைச் சேர்த்துச் சுருக்கினால் கைரேகை மாதிரி ஒன்று கிடைக்கும். நூலகங்களுக்குள் ஓடும் வரிகளைச் சேர்க்கக் கூடாது. அவை எல்லாப் பிழையிலும் வரும். வரி எண்ணையும் சேர்க்கக் கூடாது. மேலே யாராவது ஒரு வரி சேர்த்தால் அடுத்த வெளியீட்டில் அதே பிழை புதுப் பிறவி எடுத்துவிடும். இப்படிக் கைரேகை எடுத்ததும் 412 கார்டுகள் 5 ஆகின.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்தி இனிமேல்தான் வருகிறது. விண்டோஸில் ஒரு நிரல் செத்து விழுந்தால் ‘மைக்ரோசாஃப்டுக்குத் தெரிவிக்கவா?’ என்று முன்பெல்லாம் ஒரு பெட்டி கேட்குமே, அதன் பின்னால் இருந்த அமைப்பைப் பற்றி அதைக் கட்டியவர்களே 2009இல் ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். நூறு கோடிக் கணினிகளிலிருந்து பத்து ஆண்டுகளாகப் பிழை அறிக்கைகள். அத்தனையையும் பதிவு செய்ய எத்தனை தரவுத்தள சர்வர்கள் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒரே ஒரு ஜோடி போதும் என்கிறது கட்டுரை.

இரண்டு முறை படித்த பிறகே நம்பினேன். எப்படி முடிந்தது? செத்துப்போன நிரல் தன் முழுக் கதையையும் அனுப்புவதில்லை. நிரலின் பெயர், பதிப்பு, எந்தப் பகுதியில் விழுந்தது, அந்தப் பகுதியின் பதிப்பு, அதற்குள் எந்த இடம் என்ற இவ்வளவையும் கணினியே ஒரு சிறு முகவரியாக்கி அனுப்பும். சர்வர் அந்தப் பெயருள்ள ‘பக்கெட்’டின் கணக்கில் ஒன்றைக் கூட்டும். பெரும்பாலான அறிக்கைகளின் கதை அதோடு முடிந்தது. அந்தப் பிழையைத் துருவும் பொறியாளருக்குக் கூடுதல் விவரம் தேவைப்பட்டால் மட்டும், அடுத்து விழும் கணினியிடம் நினைவகப் பதிவைக் கேட்பார்கள். நூறு கோடிக் கணினிகளின் புலம்பல் ஒரு கூட்டல் கணக்காகச் சுருங்கியது இப்படித்தான். அந்தக் கணக்கிலிருந்து வந்ததைத்தான் 2002இல் மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் வாடிக்கையாளர்களுக்கு எழுதினார்: ஒரு சதவீதப் பிழைகளே மொத்தத் தொல்லையில் பாதிக்குக் காரணம்.

நண்பரின் குழுவுக்கும் அதே கூட்டல்தான் தேவைப்பட்டது. போஸ்ட்கிரஸில் இரண்டே வரி:

```sql
INSERT INTO tasks (fp, hits) VALUES ($1, 1)
ON CONFLICT (fp) DO UPDATE SET hits = tasks.hits + 1;
```

`fp` என்ற கைரேகைப் பத்தியில் `UNIQUE` இருக்க வேண்டும். அது இல்லாமல் ‘இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் திற’ என்று எழுதினால், ஒரே நொடியில் வரும் இரண்டு பிழைகள் இரண்டும் ‘இல்லை’ என்று பார்த்து இரண்டு கார்டு திறக்கும். கூட்ட நேரத்தில் இது கட்டாயம் நடக்கும்.

இனி இதன் மறுபக்கம். எங்கள் தெருவில் ஒருமுறை மின்மாற்றி பழுதாகி இரவில் மின்சாரம் போனது. மின்வாரியத்தில் புகார் எழுதிக்கொண்டிருந்தவர் ஒவ்வொரு அழைப்புக்கும் “எந்த டிரான்ஸ்பார்மர்ங்க?” என்று மட்டும் கேட்டார். அதன் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டார். ஐம்பது வீட்டுக்கு ஒரே புகார், ஒரே லைன்மேன். இதைவிட அழகான கைரேகை கிடையாது. ஆனால் மின்சாரம் வந்த பிறகும் ஒரு வீடு இருட்டிலேயே இருந்தது. அங்கே ஃபியூஸும் போயிருந்தது. அவர்கள் புகாரும் அதே கோடுகளுக்குள் ஒரு கோடாக அடங்கிவிட்டது.

நண்பரின் பெரிய பக்கெட்டுக்குள்ளும் அப்படி ஒரு வீடு இருந்தது. முன்பதிவு வந்து சேரும்வரை பணத் தகவலைக் காத்திருக்க வைத்துத் திருத்தினார்கள். அடுத்த பௌர்ணமியில் அந்தக் கணக்கு சரிந்தது, பூஜ்யமாகவில்லை. மிச்சம் ஆறு. அந்த ஆறிலும் விடுதிக்காரர் அறையை ரத்து செய்து, முன்பதிவே அழிந்திருந்தது. பக்தரின் பணம் மட்டும் போயிருந்தது. அதே செயற்கூறு, அதே பிழை வகை, காரணம் வேறு. திருத்திய பின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வராமல் ஒரு மட்டத்தில் நின்றால், அந்தப் பக்கெட்டில் இரண்டு பிழை இருப்பதாகவே கொள்ளுங்கள். அப்போது ரத்தான முன்பதிவு, வராத முன்பதிவு என்று கைரேகையில் ஒரு சொல் சேர்த்துப் பிரிக்க வேண்டும்.

கடைசியாக, எதை எண்ணுவது? ஒரு கைப்பேசி 5 நொடிக்கு ஒருமுறை முயன்று தோற்றால் ஒரு மணி நேரத்தில் 720 பிழை. பாதிக்கப்பட்டவர் ஒருவர். எனவே பலகையை வரிசைப்படுத்தும் எண் பிழைகளின் எண்ணிக்கையாக இருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையாக இருக்க வேண்டும். பணம் தொடர்பான பிழைக்கு அதுவும் பொருந்தாது. அந்த ஆறு பேரின் பிழை எந்த எண்ணிக்கை வரிசையிலும் மேலே வந்திருக்காது. பணம் போனால் ஒருவர் போதும், கார்டு திறக்க வேண்டும்.

மூடிய கார்டு மீண்டும் வந்தால் எப்போது திறப்பது, பழைய பதிப்பை இன்னும் வைத்திருப்பவரின் பிழையை என்ன செய்வது என்பதற்கு இந்த வாரம் இடமில்லை. அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் பலகையைத் திறந்து, தலைப்பில் எண் கலந்த கார்டுகள் எத்தனை என்று எண்ணி வையுங்கள்.