நிறுத்தப்பட்ட டோக்கனை அனுப்பிவிட்டால்

எக்ஸ்சேஞ்ச் ஒரு டோக்கனை நிறுத்திவிட்டாலும் அது தந்த டெபாசிட் முகவரி பிளாக்செயினில் உயிரோடுதான் இருக்கும். அங்கே அனுப்பிய பணம் போய்ச் சேரும், கணக்கில் மட்டும் ஏறாது.

2022 செப்டம்பர் 19 அன்று வசீர்எக்ஸ் யுஎஸ்டிசி டெபாசிட்டை நிறுத்தியது. 26ஆம் தேதி வர்த்தகத்தையும் முடித்துக்கொண்டு, கணக்குகளில் எஞ்சியதை பியுஎஸ்டியாக மாற்றித் தருவதாக அறிவித்தது. கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் இதைக் கவனிக்காமல், 20ஆம் தேதி 200 யுஎஸ்டிசியை எத்தீரியம் வழியாக அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் etherscan.io தளத்தில் தன் TxID எண்ணைத் தேட வேண்டும். Status என்ற இடத்தில் Success என்று இருந்தால் பணம் போய்விட்டது. To என்ற இடத்தில் வேறு முகவரி தெரிகிறதே என்று பலர் பதறுவார்கள். அது டோக்கன் ஒப்பந்தத்தின் முகவரி. பெற்றவர் யார் என்பது ERC-20 Tokens Transferred என்ற வரியில் இருக்கும். அது தன் டெபாசிட் முகவரிதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும்.

அடுத்து அறிவிப்பைப் படிக்க வேண்டும். வாலட் பராமரிப்புக்காகத் தற்காலிக நிறுத்தம் என்றால், திறந்ததும் பெரும்பாலும் தானாக வரவாகிவிடும், காத்திருந்தால் போதும். பட்டியலிலிருந்தே நீக்கம் என்றால், எக்ஸ்சேஞ்ச் ஆள் வைத்துத்தான் எடுத்துத் தர முடியும். அந்த முகவரியின் சாவி அவர்களிடம் மட்டுமே உள்ளது. எடுப்பதற்கு அவர்கள் அந்த முகவரிக்கு ஈத்தர் அனுப்பிக் கட்டணம் கட்ட வேண்டும். அதனால்தான் பல நிறுவனங்கள் மீட்புக் கட்டணமும் குறைந்தபட்சத் தொகையும் வைக்கின்றன. 200 டாலருக்குக் கேட்டுப் பார்க்கலாம். 10 டாலர் என்றால் கட்டணமே அதைத் தின்றுவிடலாம்.

ஆதரவுப் பிரிவுக்கு எழுதும்போது TxID, தொகை, நெட்வொர்க், நேரம் ஆகியவற்றோடு திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியையும் தர வேண்டும். அது சொந்த வாலட்டாக இருக்கட்டும். வேறு எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பியிருந்தால், 'வந்த இடத்துக்கே அனுப்புங்கள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது பலருக்கும் பொதுவான வாலட். உங்கள் கணக்கில் சேராமலே போகலாம்.

மறுத்துவிட்டால் 2019 நுகர்வோர் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், கொழிஞ்சாம்பாறைக்காரர் பாலக்காடு மாவட்ட ஆணையத்திலும், மூணாறுக்காரர் இடுக்கி ஆணையத்திலும் புகார் தரலாம். ஆனால் நிறுத்தத் தேதிக்குப் பின் அனுப்பியவரின் வழக்கு பலவீனமானது. முன்பே அனுப்பி, பின்னர் வரவு மறுக்கப்பட்டவருக்கே வலு அதிகம். எனவே அறிவிப்பைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

இதற்கிடையே டெலிகிராமில் 'மீட்டுத் தருகிறோம்' என்று யாராவது வருவார்கள். சாவி இல்லாமல் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. முன்பணமோ, உங்கள் வாலட்டின் ரகசியச் சொற்களோ கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.