விழுந்தால் எவ்வளவு?

2018 குளிர்கால ஒலிம்பிக் வரை ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒரு விநோதம் நடந்துகொண்டிருந்தது. குவாட் லட்ஸ் என்ற தாவலில் நான்கு சுற்றையும் காற்றிலேயே முடித்துவிட்டு, இறங்கும்போது பனித்தரையில் உட்கார்ந்துவிடும் வீரருக்கு, மூன்று சுற்று லட்ஸை அப்பழுக்கில்லாமல் ஆடியவரைவிட அதிக மதிப்பெண். கணக்கு எளிது. அன்று குவாட் லட்ஸின் அடிப்படை மதிப்பு 13.60. விழுந்ததற்குத் தரப் புள்ளியில் 4.00 போகும், தனியாக 1 புள்ளி அபராதம். மிச்சம் 8.60. ட்ரிபிள் லட்ஸுக்கு அடிப்படை 6.00; எல்லா நடுவர்களும் உச்ச தரம் கொடுத்தாலும் கூடுவது 2.10. ஆக 8.10தான். பயிற்சியாளர்கள் குவாடை ஆடச் சொன்னதில் வியப்பில்லை.

அதற்கும் முந்தைய காலத்தில் இப்படிக் கணக்குப் போடவே வழி கிடையாது. தாவலுக்கென்று விலைப்பட்டியலே இல்லை. நடுவர் மொத்த ஆட்டத்தையும் பார்த்து, நுட்பத்துக்கு ஒன்று, அரங்கேற்றத்துக்கு ஒன்று என ஆறுக்குள் இரண்டு எண் கொடுப்பார். அந்த எண்ணும் உண்மையில் மதிப்பெண் அல்ல, யார் முன்னால், யார் பின்னால் என்று வரிசைப்படுத்தும் கருவி. முதலில் ஆடுபவருக்கு 5.9 கொடுத்துவிட்டால் பின்னால் வருபவருக்கு இடமிருக்காது என்று நடுவர்கள் கையை இறுக்குவார்கள். முன்வரிசையில் ஆட நேர்ந்தவர் பாவம்.

2002 சால்ட் லேக் சிட்டியில் ஜோடிப் பிரிவில் நடுவர் தீர்ப்பு பெரும் ஊழல் குற்றச்சாட்டாகி, கனடா ஜோடிக்கும் இரண்டாவது தங்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் விளைவாக 2004இல் வந்ததுதான் இன்றைய முறை. இதில் வேலை இரண்டாகப் பிரிந்தது. ஆடியது என்ன தாவல், சுற்று முழுமையா, எந்த விளிம்பில் எழும்பினார் என்பதை ஒரு தொழில்நுட்பக் குழு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து முடிவு செய்யும். கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் அடிப்படை மதிப்பிலேயே கை வைப்பார்கள். அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் அது ஒரு சுற்றுக் குறைவான தாவலாகவே எண்ணப்படும். எப்படி ஆடினார் என்பதை மட்டும் நடுவர்கள் சொல்வார்கள்.

விழுந்தவருக்கு லாபம் தந்த ஓட்டையை 2018-19 பருவத்தில் அடைத்தார்கள். தரப் புள்ளியின் எல்லை கூட்டல் கழித்தல் மூன்றிலிருந்து ஐந்துக்கு விரிந்தது. ஒவ்வொரு படியும் அந்தத் தாவலின் அடிப்படை மதிப்பில் 10 சதவீதம். இதுதான் முக்கியம்: விலை கூடிய தாவலில் தவறினால் இழப்பும் அதே அளவில் கூடும். குவாட் லட்ஸ் 11.50ஆகக் குறைந்தது. இப்போது விழுந்தால் பாதி, அதாவது 5.75 போய், அபராதமும் போனால் மிஞ்சுவது 4.75.

ட்ரிபிள் லட்ஸ் இன்று 5.90. ஒன்பது நடுவர்கள் அதற்கு 2, 3, 3, 3, 4, 2, 3, 5, 1 என்று கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். 5ஐயும் 1ஐயும் நீக்கிவிட்டு மற்ற ஏழின் சராசரி எடுத்தால் 2.86. ஒரு படிக்கு 0.59 என்றால் 1.69 கூடி, மொத்தம் 7.59. உச்சத்தையும் அடிமட்டத்தையும் வெட்டுவதால் ஒரே நடுவர் தனியாக யாரையும் தூக்கிவிடவோ கவிழ்க்கவோ முடியாது; இருவர் பேசி வைத்துக்கொண்டால் இந்தக் கத்தரி போதாது என்பது வேறு விஷயம்.

நடுவர் கொடுக்கும் எண்ணும் இன்று மனம்போன போக்கில் வருவதல்ல. உயரமும் தூரமும், எழும்பலும் இறங்கலும், சிரமம் தெரியாத ஓட்டம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் நான்கையும் ஐந்தையும் தொடலாம். தாவலுக்கு முன் வரும் காலடி வேலை, காற்றில் உடல் நிற்கும் அழகு, இசையோடு பொருந்துவது ஆகியவை அதன் மேல் கூடுதல்.

இன்னும் இழுபறியாக இருப்பது கலைப் பக்கம். அன்று அரங்கேற்றத்துக்கான அந்த ஒற்றை எண். பிறகு ஐந்து கூறுகள். 2022-23 முதல் அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் என மூன்று. ஒவ்வொன்றுக்கும் 10 வரை. ஆண்களின் நீள ஆட்டத்தில் அதை 3.33ஆல் பெருக்குவதால் உச்சவரம்பு 99.90. தொழில்நுட்ப மதிப்பெண்ணுக்கோ அப்படி ஒரு கூரையே கிடையாது. 2022 பெய்ஜிங்கில் நேதன் சென் நீள ஆட்டத்தில் 218.63 எடுத்தார். ஐந்து கூறுகள் இருந்த அந்த நாளில் கலைப் பக்கத்துக்கு உச்சம் 100. அதில் அவர் பெற்றது 97.22, தொழில்நுட்பத்தில் 121.41. இந்தப் பக்கம் ஏறக்குறைய நிரம்பிவிட்டது, அந்தப் பக்கம் இன்னும் ஏறலாம். அதே ஆண்டு செப்டம்பரில் இலியா மாலினின் உலகில் முதன்முறையாகப் போட்டியில் குவாட் ஆக்ஸெலை இறக்கினார். அதன் அடிப்படை மதிப்பு 12.50.