நூறு கட்டங்களில் நூற்றுவீதம்

மாரிகாலம் முடியும் வேளையில் மொன்றியல் துறைமுகத்தை அண்டிய கடையொன்றில் ‘20 வீதம் கழிவு’ என்ற அட்டை தொங்குகின்றது எனக் கொள்வோம். 40 டொலர் விலை குறித்த பனிச்சப்பாத்தைக் கண்டதும் “20 டொலர் குறையும்” என்கிறது பிள்ளை. கழித்தல் அறியாமையால் வந்த பிழையன்று இது. 20 வீதம் என்பதை 20 டொலர் என்றே அது விளங்கிக்கொண்டுள்ளது.

பிள்ளை பிரெஞ்சில் கணிதம் கற்பதால் எம்மால் உதவ முடியாதென நாம் ஒதுங்க வேண்டியதில்லை. பிரெஞ்சில் ‘பூர் சான்’ என்பதற்கும் ‘நூற்றுக்கு’ என்பதே பொருள்.

சதுரக் கோடிட்ட கொப்பித் தாளில் பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள் கொண்ட சதுரம் ஒன்றை வரைவோம். இரண்டு வரிசைகளுக்குப் பிள்ளை வர்ணம் தீட்டட்டும். நூறில் இருபது கட்டங்கள். இதுவே 20 வீதம்.

முழுச் சதுரமும் 100 டொலர் எனில் ஒரு கட்டம் 1 டொலர். வர்ணப் பகுதி 20 டொலர். பலர் இவ்விடத்திலேயே நிறுத்திவிடுவதால்தான் மேற்கூறிய பிழை வேரூன்றுகின்றது. ஆகவே அதே சதுரத்தை 200 டொலராகக் கொள்வோம். கட்டம் 2 டொலர். வர்ணப் பகுதி 40 டொலர். பின்னர் 40 டொலராகக் கொள்வோம். கட்டம் 40 சதம். வர்ணப் பகுதி 8 டொலர். வர்ணம் அப்படியே இருக்க, கட்டத்தின் பெறுமதி மட்டும் மாறுவதைப் பிள்ளை தானே காணும்.

இதன்பின் நீண்ட கடதாசிப் பட்டியொன்றைப் பத்துச் சம பாகங்களாகப் பிரிப்போம். மேலே 0, 10, 20 என 100 வரை வீதத்தையும், கீழே 0, 4, 8 என 40 வரை டொலரையும் எழுதுவோம். மேலே 20க்கு நேர் கீழே 8 நிற்கும். எனவே சப்பாத்தின் விலை 32 டொலர்.

இனி வரி. கியூபெக்கில் சமஷ்டி வரி 5 வீதம். மாகாண வரி 2013 முதல் 9.975 வீதம். இரண்டையும் ஏறக்குறைய 15 வீதமாகக் கொள்ளலாம். வரி 32 டொலருக்கே உரியதாகையால், புதிய பட்டியில் 32ஐயே முழுமையாகக் கொள்ள வேண்டும். பத்திலொரு பாகம் 3.20, அதன் பாதி 1.60; கூட்டினால் 4.80. இது விலைக்கு மேலாகச் செல்வதால், பட்டியை 100ஐத் தாண்டி 115 வரை நீட்டி ஒட்ட வேண்டும். நூறு கட்டச் சதுரத்தில் இதற்கு இடமில்லை. மொத்தம் 36.80 டொலர்; கடைப் பற்றுச்சீட்டில் 36.79 என வரும்.

விளக்கம் பதிந்ததா என அறிய ஒரு வினா போதும்: 50 டொலரில் 10 வீதம் பெரிதா, 20 டொலரில் 20 வீதம் பெரிதா? வீதத்தை மட்டும் பார்க்கும் பிள்ளை இரண்டாவதைச் சொல்லும். இரு பட்டிகளை வரைந்து 5 டொலரையும் 4 டொலரையும் காணும் பிள்ளை, ‘எதன் நூற்றுவீதம்?’ என்று முதலிற் கேட்கப் பழகிவிட்டது.