மூன்று ‘வெள்ளி’யும் ஒரு ரசீதும்

‘வெள்ளி உபயம் – 300 வெள்ளி.’ 2025ஆம் ஆண்டு ஆடித் திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்து மாரியம்மன் ஆலயம் அனுப்பிய பட்டியலில் இருந்த வரி இது. நமக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. வெள்ளிக்கிழமை பூசைக்கு உபயம் எடுப்பவர் 300 ரிங்கிட் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால், இந்த ஒரு வரியால் ஆலயப் பொருளாளர் இரண்டு வாரம் தூக்கமில்லாமல் தவித்தார்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று எந்தப் பக்கம் போனாலும், செம்பனைக்கு நடுவே ஒரு தோட்டத்து ஆலயம் நிற்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் போயின, ஆட்களும் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் இடம் பெயர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் இலண்டனிலும் மெல்பர்னிலும் இருக்கிறார்கள். திருவிழா என்றால் பாதிப் பேர் விமானம் ஏறி வருவார்கள், மீதிப் பேர் பணம் அனுப்புவார்கள். வெளிநாட்டிலேயே பிறந்த பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

அதனால்தான் பொருளாளர் அண்ணன் என்னை அழைத்தார். “தம்பி, தொண்டர் அட்டவணையும் ரசீதுச் செய்தியும் ஆங்கிலத்துல வேணும். ரெண்டு பக்கம்தான். நீ ஆபீஸ்ல தினமும் செய்யுற வேலைதானே?” நானும் அப்படித்தான் நினைத்தேன். கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகளிடம் முதல் வரைவைக் கொடுத்தேன். அவள் அனுப்பியதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, தமிழ்ப் பட்டியலோடு சேர்த்துப் புலனக் குழுவில் போட்டுவிட்டேன். தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

முதலில் மெல்பர்னிலிருந்து ஒரு கேள்வி வந்தது. “சில்வர் ஸ்பான்சர் 300 என்றால், கோல்ட் ஸ்பான்சர் எவ்வளவு?” விருந்து நிகழ்ச்சிகளில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று ஆதரவாளர்களைப் பிரிப்பார்கள் அல்லவா? அண்ணன் மகள் ‘வெள்ளி உபய’த்தை அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறாள். “சித்தப்பா, கிழமைன்னு நான் நினைக்கவே இல்ல” என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டியலில் ‘வெள்ளிக்கிழமை’ என்று முழுதாக எழுதியிருக்க வேண்டும்.

இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். சிங்கப்பூரில் நடந்தது அப்படியல்ல. அங்குள்ள உறவினர் ஒருவர் தமிழ்ப் பட்டியலையே படித்தார். அவர்களும் டாலரை ‘வெள்ளி’ என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தின் பணம் வெள்ளி நாணயமாகவே புழங்கியது, அந்தப் பெயர் இரண்டு நாட்டிலும் நிலைத்துவிட்டது. இரண்டு நாட்டுப் பணமும் சரிக்குச் சரியாக மாறிய காலம் 1973இல் முடிந்தது. நம் பணம் அதிகாரப்பூர்வமாக ரிங்கிட் ஆனது 1975இல். பேச்சில் மட்டும் வெள்ளி போகவில்லை. உறவினர் 300 சிங்கப்பூர் டாலர் அனுப்பினார். ஆலயக் கணக்கில் ஏறத்தாழ 980 ரிங்கிட் வந்து சேர்ந்தது.

பொருளாளர் வங்கிக் கணக்கைப் பார்க்கும் முன்பே, உபயப் பட்டியலை வைத்து ‘300 வெள்ளி’ என்று ரசீது எழுதி அனுப்பிவிட்டார். நிர்வாகக் கூட்டத்தில் வங்கி அறிக்கையையும் ரசீதுப் புத்தகத்தையும் ஒப்பிட்டபோது 680 ரிங்கிட் கூடுதலாக நின்றது. ரசீது இல்லாத பணம் ஆலயக் கணக்கில் இருந்தால் மக்கள் என்ன பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. முப்பது ஆண்டுகள் ஆலயக் கணக்கைப் பார்த்த மனிதர் அன்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். உறவினரிடம் பேசிய பிறகுதான் விவரம் தெரிந்தது. “இருக்கட்டும் அண்ணே, மீதியை அன்னதானத்துல சேர்த்துக்குங்க” என்றார் அவர். பழைய ரசீதை ரத்து செய்து, உபயத்துக்கு ஒன்றும் அன்னதானத்துக்கு ஒன்றுமாக இரண்டு புதிய ரசீதுகள் எழுதினோம்.

அன்றிலிருந்து தொகை வரும் இடத்தில் ‘வெள்ளி’ என்று எழுதுவதில்லை. தமிழில் ‘ரிங்கிட்’, ஆங்கிலத்தில் வங்கிகள் பயன்படுத்தும் MYR. ‘டாலர்’ என்ற சொல்லுக்கும் இடமில்லை. சிங்கப்பூர்க்காரர், ஆஸ்திரேலியாக்காரர், அமெரிக்காக்காரர் மூவரும் அதைத் தத்தம் பணமாகவே படிப்பார்கள்.

அட்டவணையில் இன்னொரு வரி இருந்தது: ‘9/8 சனி இரவு 1 மணி – காய்கறி நறுக்குதல்.’ ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்துக்கான வேலை அது. நமக்குச் சனி இரவு என்றால், சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டு விடிய விடிய விழித்திருக்கும் இரவு. ஆங்கில நாளோ நள்ளிரவு 12 மணிக்கே மாறிவிடும். நாங்கள் ‘சாட்டர்டே 1 ஏ.எம்.’ என்று எழுதியிருந்தோம். அதை நம்பிய இலண்டன் பிள்ளைகள் இருவர் ஷா ஆலாமிலிருந்து கார் ஓட்டி, வெள்ளிக்கிழமை இரவு தாண்டி ஒரு மணிக்கு வந்து, பூட்டிய ஆலய வாசலில் நின்றார்கள். சுற்றிலும் செம்பனை இருட்டு. மறுநாள் இரவு, உண்மையில் ஆள் தேவைப்பட்டபோது, அவர்கள் வரவில்லை. பூசணியும் முட்டைக்கோசும் குவிந்து கிடக்க, நாலு அக்காமார்கள் மட்டும் விடியும்வரை நறுக்கினார்கள்.

இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: ‘10 ஆகஸ்ட், ஞாயிறு அதிகாலை 1.00. சனிக்கிழமை இரவு உறங்காமல் நேராக வரவும்.’ ஆங்கிலத்திலும் இதே இரண்டு வாக்கியங்கள்தாம். மாதத்தை எண்ணால் எழுதுவதையும் விட்டுவிட்டோம். 10/8 என்றால் நமக்கு ஆகஸ்ட் பத்து, அமெரிக்காவில் இருப்பவருக்கு அக்டோபர் எட்டு.

நேரலையில் பார்ப்பவர்களுக்காக மூன்று ஊர் நேரத்தையும் சேர்த்தோம். தீமிதி நம் நேரப்படி மாலை 7 மணி என்றால், ஆடியில் இலண்டனில் அதே நாள் பகல் 12, மெல்பர்னில் இரவு 9. இந்தக் கணக்கை அப்படியே தைப்பூசத்துக்கு எடுத்துப் போட முடியாது. அந்த ஊர்களில் பருவத்துக்கு ஏற்பக் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. ஆடியில் நம்மைவிட 7 மணி நேரம் பின்னால் இருக்கும் இலண்டன், தையில் 8 மணி நேரம் பின்னால் போய்விடும். மெல்பர்னோ 2 மணி நேரத்துக்குப் பதில் 3 மணி நேரம் முன்னால் இருக்கும்.

என்னை உண்மையில் பயமுறுத்திய சொல் ‘பூக்குழி’. தணலைப் பூவாக நினைத்து இறங்குவதால் அந்தப் பெயர். வரைவில் அது ‘ஃபிளவர் பிட்’ ஆகியிருந்தது. இலண்டனிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அந்தப் பணிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். பூ கட்டும் வேலை என்று எண்ணி, மெல்லிய நைலான் துப்பட்டாவோடு வந்து நின்றாள். குழிக்குப் பொறுப்பான மாமா அவளைப் பார்த்ததும் பதறிப்போனார். “இது தணல் குழிம்மா! இந்தத் துணியோட கிட்ட வந்தா உருகி ஒட்டிக்கும்.” அவளைத் தண்ணீர்ப் பந்தலுக்கு அனுப்பிவிட்டு என்னைத் தேடி வந்தார். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

பூக்குழிப் பணி என்பது நீண்ட கழியால் தணலைச் சமமாகப் பரப்புவது, குழியின் முடிவில் பால் ஊற்றிய பள்ளத்தருகே நின்று தடுமாறுபவரைத் தாங்கிப் பிடிப்பது. காப்புக் கட்டி விரதம் இருப்பவர்களுக்கே எங்கள் ஆலயத்தில் அந்தப் பணி. அன்று மாலை விமானத்தில் வந்து இறங்குபவருக்கு அது பொருந்தாது. தமிழ் அட்டவணையில் இவை எதுவும் எழுதப்படவில்லை, தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆங்கிலத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகவே பணிப் பெயர்களை மொழிபெயர்ப்பதை நிறுத்தினோம். ‘பூக்குழி’ என்ற ஒலியையே ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, கீழே மூன்று செய்திகளைச் சேர்த்தோம்: கை என்ன செய்யும், என்ன உடுத்த வேண்டும், யார் செய்யலாம். ‘தணலுக்கு அருகில் வேலை. பருத்தி உடை மட்டும், தொங்கும் துணி கூடாது. காப்புக் கட்டிய பெரியவர்கள் மட்டும்.’ இதைப் படித்துவிட்டு யாரும் நைலான் துப்பட்டாவோடு வர மாட்டார்கள்.

கடைசியாக ரசீதுச் செய்தி. பழைய தமிழ்ச் செய்தி அழகாக இருந்தது. ‘தாங்கள் அம்மா பெயரில் அனுப்பிய நன்கொடை கிடைத்தது. அம்மன் அருளால் சகல நலன்களும் பெறுக.’ ஆனால் அதில் தொகை இல்லை, தேதி இல்லை, ரசீது எண்ணும் இல்லை. ‘அம்மா பெயரில்’ என்பதை ஆங்கில வரைவு ‘அம்மாவின் நினைவாக’ என்று சொன்னது. நல்லவேளை, அதை அனுப்பும் முன்பே பார்த்துவிட்டேன். அந்த அம்மா நலமாக இருக்கிறார், மகளோடு இலண்டனில்தான் இருக்கிறார். அவர் பெயருக்கு அர்ச்சனை, பணம் அனுப்பியது மகள். ஆகவே ரசீது மகள் பெயரில் இருக்க வேண்டும், அர்ச்சனைப் பெயர் தனி வரியில் வர வேண்டும்.

அந்த மகள் 100 பவுன் அனுப்பியிருந்தார். கட்டணம் போக ஆலயக் கணக்கில் ஏறியது 540 ரிங்கிட். ரசீதில் எழுத வேண்டியது அந்த 540தான், ஏனென்றால் வங்கி அறிக்கையில் அதுவே இருக்கும். ‘அனுப்பியது 100 பவுன்’ என்பதைக் குறிப்பாகக் கீழே போட்டோம். அதைப் போடாவிட்டால், மீதி எங்கே போனது என்று அவர் கேட்பது இயல்பு.

அவர் இன்னொன்றும் கேட்டார். “இந்த ரசீதைக் காட்டி வரிச் சலுகை வாங்கலாமா?” பிரிட்டனின் ‘கிஃப்ட் எய்ட்’ திட்டம், அந்நாட்டு வரித்துறை ஏற்ற அறநிறுவனங்களுக்கு உரியது. நம் நாட்டிலும் எல்லா ஆலய ரசீதும் செல்லாது. 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான் கழிவு உண்டு. எங்கள் ஆலயத்துக்கு அந்த அங்கீகாரம் இல்லை. ஆங்கில வரைவிலோ, வேறொரு ரசீதிலிருந்து நகலெடுத்த ‘வரி விலக்குக்கு உரியது’ என்ற வரி ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழ் மூலத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. உடனே நீக்கினேன். இல்லாத சலுகையை ஆலய முத்திரையோடு வாக்களிப்பது வெறும் மொழிப்பிழை ஆகாது.

இப்போதைய செய்தி இப்படிப் போகிறது: ‘ரசீது எண். பெற்ற நாள். செலுத்தியவர் பெயர். பெற்ற தொகை MYR 540. அனுப்பியது 100 பவுன். நோக்கம்: ஆடித் திருவிழா அன்னதானம். அர்ச்சனைப் பெயர், நட்சத்திரம். இது வரிக் கழிவுக்கான ரசீது அல்ல.’ அதன் பிறகே அம்மன் அருள் பற்றிய வரி வருகிறது. அதை நாங்கள் எடுக்கவில்லை.

பொருளாளர் அண்ணன் தன் பங்குக்கு ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டார். வங்கிக் கணக்கில் பணத்தைக் கண்ணால் பார்க்காமல் ரசீதுப் புத்தகத்தைத் திறப்பதில்லை. அடுத்த ஆடிக்கான தமிழ்ப் பட்டியலையும் முதலில் எனக்கே அனுப்பினார். அதில் ‘வெள்ளிக்கிழமை உபயம் – 300 ரிங்கிட்’ என்று எழுதியிருந்தது. கீழே கைப்பட ஒரு குறிப்பு: “தம்பி, இந்தத் தடவை தமிழையே திருத்திட்டேன். ஆங்கிலம் சுலபமா இருக்கும்னு நினைக்கிறேன்.”