இரண்டு தேதி, ஒரு பதவி

வேலையை விட்டுப் போகிறவர் கையில் நிறுவனம் கொடுக்கும் கடைசிக் காகிதங்கள் இரண்டு. ராஜினாமாவை ஏற்றுக்கொண்டோம், இன்ன தேதியோடு உங்களை விடுவிக்கிறோம் என்பது ரிலீவிங் லெட்டர். இன்னார் எங்களிடம் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன வேலை பார்த்தார் என்பது எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். முன்னதைப் புதிய கம்பெனிக்காரர்கள் சேருகிற அன்றே கேட்பார்கள். பின்னதைப் பத்து வருஷம் கழித்தும் கேட்பார்கள். சின்ன நிறுவனங்களில் இரண்டையும் ஒரே தாளில் அடித்துக் கொடுப்பது வழக்கம். அதில் ஒரு தப்பும் இல்லை, உள்ளே இருப்பது சரியாக இருந்தால்.

பெரும்பாலான கடிதங்களில் இடத்தை அடைத்துக்கொள்வது பாராட்டுதான். கடின உழைப்பாளி, நேர்மையானவர், பழக இனியவர், வருங்காலம் சிறக்க வாழ்த்துகள். இதை யாரும் படிப்பதில்லை. புதிய நிறுவனத்துக்காகப் பின்னணி சரிபார்க்கிறவர் இரண்டு தேதியையும் பதவியின் பெயரையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைச் சம்பளச் சீட்டோடும், படிவம் 16-ஓடும், பி.எஃப். கணக்கின் பணி வரலாற்றோடும் ஒட்டிப் பார்ப்பார். ஒட்டவில்லை என்றால் கேள்வி வரும். அந்தக் கேள்வி கடிதம் எழுதிய முதலாளியிடம் போகாது, கடிதத்தைக் கொண்டுபோனவரிடம்தான் வரும்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் நடுத்தர அளவுள்ள ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். ஒரு பெண் 2019 ஜூன் 3 அன்று பதினாலாயிரம் ரூபாய் சம்பளத்தில் ஆபீஸ் அசிஸ்டெண்டாகச் சேருகிறார். முதல் ஆறு மாதம் ட்ரெய்னிங் என்று சொல்லி, 2019 டிசம்பர் 2 அன்று வேலையை உறுதிசெய்து, அன்றிலிருந்து பி.எஃப். பிடிக்கிறார்கள். 2021 ஏப்ரலில் மெர்ச்சண்டைசர் ஆகிறார். 2024 மார்ச் 1 அன்று ராஜினாமா கொடுக்கிறார். நோட்டீஸ் 60 நாள். கொடுத்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 30 அறுபதாவது நாள். அதுதான் கடைசி வேலை நாள் என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்கின்றன.

இனி கடிதம் எழுதும் கட்டம்.

"சார், ட்ரெய்னிங் ஆறு மாசத்தையும் சேர்த்துப் போட்டுக் குடுங்க."

"அதெல்லாம் சர்வீஸ்ல வராது அம்மணி. பி.எஃப்.ல இருக்கிற தேதியத்தான் போட முடியும்."

சொல்கிறவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. கம்ப்யூட்டரில் இருக்கிற தேதி டிசம்பர் 2, அதையே கடிதத்திலும் போட்டுவிட்டால் ஒட்டிவிடும் என்று நினைக்கிறார். ஆனால் அந்த ஆறு மாதத்தின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு.

2024-இல் நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி கிராஜுவிட்டிக்கு ஐந்தாண்டு தொடர்ச்சியான பணி வேண்டியிருந்தது. நாலு வருஷம் முடித்து, ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதையே ஐந்தாண்டாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் சொன்னது. முழுசாக ஐந்து வருஷம் ஆகாமல் தரமுடியாது என்று நிற்கும் நிறுவனங்கள் இன்றைக்கும் உண்டு. இருந்தாலும் தமிழ்நாட்டில் கேட்கிறவர் கையில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது.

நம் மெர்ச்சண்டைசர் 2019 ஜூன் 3-இல் சேர்ந்தவர் என்றால், 2023 ஜூன் 2-ஓடு நாலு வருஷம் முடிகிறது. அதற்குப் பிறகு 2024 ஏப்ரல் 30 வரை 333 நாள். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டால்கூட 240 தாண்டும். டிசம்பர் 2-இல் சேர்ந்தவர் என்றால், நாலு வருஷத்துக்குப் பிறகு மிஞ்சுவது 151 நாள்தான். எந்தக் கணக்கிலும் தேறாது. பேசிக், டி.ஏ. சேர்த்து அவருடைய கடைசிச் சம்பளம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 15,000. கடைசி வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருஷமாகக் கொள்ள வேண்டும் என்பதால் ஐந்து வருஷம், ஆக 75,000 ரூபாய். கடிதத்தில் ஜூன் இருக்க வேண்டிய இடத்தில் டிசம்பர் என்று அடித்ததற்கு இதுதான் விலை.

ட்ரெய்னிங் என்று பெயர் வைத்துவிட்டதால் அது பணியில் சேராது என்பது பல சின்ன நிறுவனங்களில் ஊறிப்போன நம்பிக்கை. பயிற்சியாளர் சட்டத்தின்படியோ நிலையாணைகளின்படியோ எடுக்கப்பட்ட அப்ரண்டிஸுக்குத்தான் பி.எஃப். விலக்கு. சம்பளம் கொடுத்து, பஞ்ச் அடிக்கவைத்து, மற்றவர்களைப் போலவே வேலை வாங்கிய ஆறு மாதத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. பி.எஃப். பதிவில் சேர்ந்த தேதியைத் திருத்த இரண்டு தரப்பும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் விட்டுப்போன ஆறு மாதத்துக்கும் பங்கு கட்டவேண்டி வருமே என்று நிறுவனம் அங்கே இழுத்தடிக்கும். அது தனிச் சண்டை. அது முடிகிறவரை கடிதத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: இரண்டு தேதியையும் எழுதிவிடுவது. ஜூன் 3 முதல் பயிற்சியில், டிசம்பர் 2 முதல் உறுதிசெய்யப்பட்ட பணியில் என்று இருந்தால், பி.எஃப். பதிவு ஏன் டிசம்பரில் தொடங்குகிறது என்பது சரிபார்க்கிறவருக்குத் தானே விளங்கிவிடும்.

சேர்ந்த தேதியில் பணம் போகும் என்றால் விலகிய தேதியில் பெயரே போகும். ஏப்ரல் 30-ஓடு வேலை முடிந்தது. கணக்கு முடித்து, முதலாளி ஊரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டபோது மே 20. கடிதத்தை அடித்தவர், ‘இன்று முதல் விடுவிக்கப்படுகிறார்’ என்று அடித்துவிட்டார். அந்தப் பெண் கோவையில் புதிய கம்பெனியில் மே 2 அன்றே சேர்ந்துவிட்டார். இப்போது காகிதத்தின்படி அவர் பதினெட்டு நாளைக்கு மேல் இரண்டு இடத்தில் வேலை பார்த்திருக்கிறார். ஒரே சமயத்தில் இரண்டு சம்பளம் வாங்கினாரா என்று ஐ.டி. நிறுவனங்கள் சல்லடை போட்டுத் தேடுகிற காலம் இது. கடிதத்தின் தேதி வேறு, விடுவித்த தேதி வேறு. தாளின் மேலே மே 20 இருக்கட்டும், உள்ளே ‘2024 ஏப்ரல் 30 அன்று பணி நேர முடிவில்’ என்று இருக்க வேண்டும். கடைசி ஐந்து நாள் லீவில் இருந்திருந்தாலும் அந்த லீவு ஒப்புக்கொள்ளப்பட்டதென்றால் தேதி ஏப்ரல் 30-தான். பி.எஃப். தளத்தில் போடும் விலகல் தேதியும் அதுவேதான்.

நிறுவனம் அந்தத் தேதியைப் போடாமலே விட்டுவிட்டால், கடைசிப் பங்கு கட்டி இரண்டு மாதம் ஆனபின் உறுப்பினரே பி.எஃப். தளத்தில் Manage என்பதற்குள் Mark Exit போய்ப் போட்டுக்கொள்ளலாம். கடைசிப் பங்கு எந்த மாதத்துக்கோ அந்த மாதத்தில் ஒரு தேதியைத்தான் அது ஏற்கும். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் கையில் இருக்க வேண்டும். கடிதத்தில் ஒன்று, தளத்தில் ஒன்று என்று ஆகிவிடாமல் பார்த்துப் போட வேண்டும், போட்டபின் மாற்றுவது லேசில்லை.

பதவி விஷயத்தில் தப்பு வேறு மாதிரி வரும். இந்தப் பெண்ணின் நியமனக் கடிதத்தில் இருப்பது ஆபீஸ் அசிஸ்டெண்ட். மெர்ச்சண்டைசர் ஆனதை வாயால் சொன்னார்கள், சம்பளத்தைக் கூட்டினார்கள், காகிதம் கொடுக்கவில்லை. வெளியே போகும்போது பழைய கடிதத்தைப் பார்த்து ஆபீஸ் அசிஸ்டெண்ட் என்றே அடித்தால் மூன்று வருஷ அனுபவம் காணாமல் போகும். நல்லது செய்கிறோம் என்று ஐந்து வருஷமும் மெர்ச்சண்டைசர் என்று அடித்தால் 2020-ஆம் ஆண்டு சம்பளச் சீட்டு காட்டிக்கொடுக்கும். ‘எக்ஸிகியூட்டிவ்’ என்று பொத்தாம்பொதுவாகப் போடுவது இன்னும் மோசம், அது எந்த வேலையையும் சொல்வதில்லை. எந்தத் தேதி வரை எந்தப் பதவி என்று பிரித்து எழுதி, கடைசிப் பதவியில் செய்த வேலையை இரண்டு வரியில் சொன்னால் போதும். மெர்ச்சண்டைசர் என்றால் பையரோடு பேசுவது, சாம்பிளுக்கு ஒப்புதல் வாங்குவது, காஸ்டிங் போடுவது, துணியும் ட்ரிம்ஸும் நேரத்துக்கு வருகிறதா என்று விரட்டுவது. துறையில் இருக்கிறவருக்கு அந்த இரண்டு வரியே ஆளைக் காட்டிவிடும்.

கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகக் குடியேற விண்ணப்பிக்கிறவர்களுக்கு அந்த இரண்டு வரிதான் உயிர். பதவி, தேதிகள், செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம் என எல்லாவற்றையும் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடும் தொடர்பு விவரத்தோடும் கேட்கிறார்கள். பதவியின் பெயரைவிட, சொன்ன வேலைகள் அவர்களுடைய தொழில் வகைப்பாட்டோடு பொருந்துகின்றனவா என்பதையே பார்க்கிறார்கள். நம் ஊர் மூன்று வரிக் கடிதம் அங்கே நிற்காது. வேலையைக் கூட்டி எழுதி மாட்டிக்கொண்டால் தவறான தகவல் என்ற குற்றத்துக்கு ஐந்தாண்டுத் தடை. கடிதத்தில் நாலு வரி சேர்த்துப் போடச் சொல்லிக் கேட்கிற பழைய ஊழியரிடம் முதலாளிகள் இதைச் சொல்லலாம். இடையில் வேலையில்லாமல் இருந்த மூன்று மாதத்தை மறைக்க விலகிய தேதியைத் தள்ளிப்போடச் சொல்கிறவரிடமும்தான்.

ஆக, அந்தக் கடிதம் இப்படி இருந்தால் போதும்:

‘இன்னார் (பணியாளர் எண் இன்னது) எங்கள் நிறுவனத்தில் 03.06.2019 அன்று பயிற்சிப் பணியில் சேர்ந்தார். 02.12.2019 அன்று பணி உறுதிசெய்யப்பட்டது. 31.03.2021 வரை ஆபீஸ் அசிஸ்டெண்டாகவும், 01.04.2021 முதல் மெர்ச்சண்டைசராகவும் முழுநேரம் பணியாற்றினார். மெர்ச்சண்டைசராக, வெளிநாட்டு பையர்களோடு தொடர்பு, சாம்பிள் ஒப்புதல், காஸ்டிங், உற்பத்திப் பின்தொடர்தல் ஆகியவற்றைக் கவனித்தார். 01.03.2024 தேதியிட்ட அவருடைய ராஜினாமா ஏற்கப்பட்டு, நோட்டீஸ் காலம் முடிந்து, 30.04.2024 பணி நேர முடிவில் விடுவிக்கப்பட்டார்.’

கீழே கையெழுத்து, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, நிறுவனத்தின் முத்திரை, தொலைபேசி, மின்னஞ்சல். கையெழுத்து யாருடையது என்றே தெரியாத கிறுக்கலுக்குக் கீழே ‘For’ என்று மட்டும் போட்டு விடுகிறவர்கள் நிறையப் பேர். சரிபார்க்கிறவர் யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்?

கடிதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பேரம் பேசுவதும் நடக்கிறது. நோட்டீஸ் முழுசாக இருக்கவில்லை, லேப்டாப் திருப்பித் தரவில்லை, பாண்டு போட்டிருக்கிறாய் என்பார்கள். பாக்கி இருந்தால் இறுதிக் கணக்கில் அதைக் காட்டலாம். ஆனால் நாலு வருஷம் பத்து மாதம் வேலை பார்த்தது பாக்கி இல்லை, நடந்து முடிந்தது. 1946-ஆம் ஆண்டு மத்திய விதிகளின் மாதிரி நிலையாணைகள், நீக்கப்பட்டாலும் ஓய்வு பெற்றாலும் நிரந்தரத் தொழிலாளிக்கு சர்வீஸ் சர்ட்டிபிகேட் பெற உரிமை உண்டு என்றே சொல்லின. எல்லா அலுவலகத்துக்கும் அது பொருந்தாதுதான். ஆனால் டிஸ்மிஸ் ஆனவருக்கே உண்டு என்றால், முறையாக ராஜினாமா கொடுத்தவருக்கு இல்லை என்று சொல்ல எந்த முதலாளிக்கும் வாய் வரக்கூடாது.

போகிறவர் பக்கம் செய்யவேண்டியது கொஞ்சம்தான். ராஜினாமாவை மின்னஞ்சலில் கொடுத்து, ஏற்றுக்கொண்ட பதிலில் கடைசி வேலை நாள் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதைச் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட வேண்டும். கம்பெனி மின்னஞ்சல் கடைசி நாள் மாலையே மூடிவிடும். நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதம், முதல் மற்றும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16 இவையும் கூடவே வரட்டும். கடிதம் கைக்கு வந்ததும் வாழ்த்தைப் படிக்காமல் தேதிகளைப் படித்து, தப்பிருந்தால் அங்கேயே மாற்றி வாங்கிவிட வேண்டும். அடித்துக் கொடுத்தவர் அந்த நாற்காலியில் இருக்கிறவரை அது ஐந்து நிமிட வேலை.